ஒரே ஒரு முறை வரும் சொற்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில் ஏறத்தாழ 2,60,000 சொற்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றைக் கழித்தால் எஞ்சும் வெவ்வேறு சொற்கள் 29,899. மைல்ஸ் ஹான்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த நாவலுக்கு ஒரு சொல்லடைவு தயாரித்து 1937-இல் வெளியிட்டார். ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் ஸிப்ஃப் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, சொற்களை அதிகம் வந்ததிலிருந்து குறைவாக வந்தது வரை வரிசைப்படுத்தினார். 10-ஆம் இடத்துச் சொல் 2,653 முறை வந்திருந்தது. 100-ஆம் இடத்துச் சொல் 265 முறை, 1,000-ஆம் இடத்துச் சொல் 26 முறை, 10,000-ஆம் இடத்துச் சொல் இரண்டே முறை. இடத்தையும் எண்ணிக்கையையும் பெருக்கினால் பெரும்பாலும் 26,000-ஐ ஒட்டியே விடை வருகிறது. வெவ்வேறு சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை நாவல் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டின.

ஜாய்ஸ் விசித்திரமான எழுத்தாளர் என்பதால் இப்படி ஆகிவிடவில்லை. செய்தித்தாள், பாடநூல், கடிதம் என எதை எண்ணினாலும் ஏறக்குறைய இதே சரிவுதான் கிடைக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் தத்தம் உழைப்பை மிச்சப்படுத்தப் பார்ப்பதே காரணம் என்றார் ஸிப்ஃப். 1955-இல் ஹெர்பர்ட் சைமன் வேறு வழியில் யோசித்தார். எழுதிக்கொண்டே போகும்போது, ஏற்கெனவே அதிகம் பயன்பட்ட சொல் அடுத்த இடத்திலும் வர அதே அளவுக்கு வாய்ப்பு அதிகம். இடையிடையே புதுச் சொல்லும் நுழைகிறது. இந்த இரண்டு விதிகளே அந்தச் சரிவை உருவாக்கப் போதும். தட்டச்சுப் பொறியில் ஒரு குரங்கு கண்டபடி தட்டினாலும் ஏறத்தாழ இதே வடிவம் கிடைக்கும் என்று 1957-இல் ஜார்ஜ் மில்லர் காட்டினார். எனவே இந்தச் சரிவை மட்டும் பார்த்து மனித மனத்தைப் பற்றிப் பெரிதாக எதையும் முடிவு செய்வதற்கில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆங்கிலம் கற்பவருக்கு, காரணம் எதுவானாலும், விளைவு ஒன்றுதான்.

நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அந்த விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு சொல்லையும் அதன் திரிபுகளையும் சேர்த்து ஒரு குடும்பமாக அவர் எண்ணினார். அடிக்கடி வரும் முதல் 1,000 குடும்பங்களே ஆங்கில எழுத்தில் சுமார் 80 விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. அடுத்த 1,000 குடும்பங்கள் சேர்ப்பது 8, 9 விழுக்காடுதான். அதற்கடுத்த 1,000 இன்னும் குறைவு. ஒரு நாவலில் 98 விழுக்காட்டை எட்ட எட்டாயிரம், ஒன்பதாயிரம் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

80 விழுக்காடு என்றதும் முக்கால் கிணறு தாண்டிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்பதே அதன் பொருள். தெரியாமல் போவதும் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லும் சொல்லாகவே இருக்கும். யாரோ எதையோ எங்கோ வைத்தார்கள் என்பது வரை புரியும்; எதை என்பது புரியாது.

அதனால் முதல் இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களைப் பட்டியல் வைத்துப் படிப்பதில் தவறே இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவை எதிரே வந்து நிற்கும், படித்தது வீணாகாது. அதைத் தாண்டியபின் பட்டியல் கைகொடுப்பதில்லை. 'யுலிசிஸ்' கணக்குப்படி 5,000-ஆம் இடத்துச் சொல், அத்தனை பெரிய நாவலிலேயே ஐந்து முறைதான் வர வேண்டும். 80,000 சொற்கள் கொண்ட சாதாரண நாவலில் ஒன்றிரண்டு முறை. போட்டித் தேர்வுக்காக அகர வரிசையில் அபூர்வச் சொற்களை மனப்பாடம் செய்பவர்கள் அடுத்த மாதமே மறப்பது நினைவாற்றல் குறைவால் அல்ல. அந்தச் சொல்லை மறுபடி சந்திக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. அபூர்வச் சொற்கள் எல்லா நூல்களிலும் சமமாகத் தூவிக் கிடப்பதில்லை. தமக்குரிய இடத்தில் கூட்டமாகக் கூடுகின்றன. பொதுவான ஆங்கில எழுத்தில் திமிங்கிலம் எப்போதாவதுதான் வரும். 'மோபி டிக்' நாவலில் அதைக் குறிக்கும் சொல் ஆயிரம் முறைக்கு மேல் வருகிறது. ஆகவே இன்று கிரிக்கெட், நாளை பொருளாதாரம் என்று தாவாமல், ஒரே துறையில், அல்லது ஒரே எழுத்தாளரிடம் சில நூல்கள் வரை தங்கிப் படித்தால், அந்த வட்டத்துச் சொற்கள் தாமே திரும்பி வந்து மனத்தில் படியும்.

நூலைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு சொற்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரை தெரியாவிட்டால் அகராதியின்றிப் படிக்கலாம். ஐந்து வரை என்றால் அகராதி பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அந்த நூலை இப்போதைக்கு வைத்துவிடலாம். படிக்கும்போதும் தெரியாத ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. வாக்கியம் புரிகிறதென்றால் முதல் முறை கடந்து போங்கள். அதே நூலில் மூன்றாம் முறை அது எதிர்ப்பட்டால், அப்போது குறிப்பேட்டில் எழுதுங்கள்.