சாய்வில் இருக்கிறது விடை

கைபேசியில் படம் பிடித்த வினாத்தாள் ஒன்று. அதில் 2 மீட்டர் நீளமும் 0.50 மி.மீ. விட்டமும் உள்ள எஃகுக் கம்பி தொங்குகிறது. பக்கத்தில் பளு–நீட்சி வரைபடம். ‘தகைவு, திரிபு, யங் குணகம் காண்க’ என்பது கேள்வி.

ஒரே பளு மெல்லிய கம்பியை அதிகம் இழுக்கும், தடித்த கம்பியைக் குறைவாக இழுக்கும். அதனால் பளுவைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்கிறோம், அது தகைவு. நீண்ட கம்பி அதிகம் நீளும். அதனால் நீட்சியைத் தொடக்க நீளத்தால் வகுக்கிறோம், அது திரிபு. தகைவைத் திரிபால் வகுத்தால் யங் குணகம். கம்பியின் அளவு எதுவானாலும் மாறாத, எஃகுக்கே உரிய எண் அது.

வரைபடத்தில் 10 நியூட்டன் பளுவுக்கு நீட்சி 0.7 மி.மீ., 40 நியூட்டனுக்கு 2.2 மி.மீ. இடையில் நேர்கோடு. பலரும் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்து 40-ஐ 2.2-ஆல் வகுப்பார்கள், 18.2 வரும். ஆனால் இந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. முதல் சில நியூட்டன்கள் கம்பியின் நெளிவை நிமிர்த்துவதிலேயே செலவாகிவிட்டன. அந்த நீட்சி எஃகினுடையது அல்ல. எனவே இரு புள்ளிகளின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும்: பளுவில் 30 நியூட்டன், நீட்சியில் 1.5 மி.மீ. சாய்வு, மி.மீட்டருக்கு 20 நியூட்டன்.

இனி வேலை எளிது. ஆரம் 0.25 மி.மீ., பரப்பு 0.196 சதுர மி.மீ. சாய்வை நீளத்தால், அதாவது 2000 மி.மீட்டரால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால், சதுர மி.மீட்டருக்குச் சுமார் 2,04,000 நியூட்டன். பாஸ்கலில் 2.04 × 10¹¹. எஃகுக்குப் பாடநூல்கள் தரும் மதிப்பு ஏறக்குறைய 2 × 10¹¹ என்பதால் விடை பொருந்துகிறது.

இந்த ஒப்பீடே பிழையைக் காட்டிக்கொடுக்கும். விட்டத்தை ஆரமாக எண்ணினால் பரப்பு நான்கு மடங்காகி, விடை 0.51 × 10¹¹ ஆகச் சுருங்கும். அது அலுமினியத்தின் 0.7 × 10¹¹-ஐவிடவும் குறைவு. எஃகுக்கு வர வாய்ப்பே இல்லை. படத்தின் ஓரத்தில் அச்சின் ‘மி.மீ.’ வெட்டுப்பட்டு, நீட்சியை மீட்டர் என்று படித்துவிட்டால், விடை ஆயிரம் மடங்கு குறையும்.

சாய்வாக எடுத்த படத்தில் அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது. அச்சில் எழுதிய எண்களைப் பிடித்துக் கட்டங்களை எண்ணினால் போதும். படம் கோணினாலும் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. கோடு மேலே வளையத் தொடங்கினால் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். அங்கே நீட்சி பளுவின் விகிதத்தை மீறிக் கூடுவதால், அதிலிருந்து எடுக்கும் சாய்வு யங் குணகத்தைக் குறைத்தே காட்டும்.