முதன்முறை கால் முடி மழிக்கும்போது

பதின்வயதில் பெண்களின் கால் முடி கருத்து அடர்வது இயல்பு. அதை மழித்தே ஆக வேண்டும் என்று உடல்நலம் சார்ந்த கட்டாயம் எதுவும் இல்லை. அது அந்தப் பெண்ணின் விருப்பம். மழித்தால் முடி தடித்து வளரும் என்ற பேச்சு வீடுகளில் உண்டு, அது உண்மையல்ல. ரேஸர் தோலுக்கு மேலே உள்ள முடியை மட்டுமே வெட்டுகிறது, வேரைத் தொடுவதில்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால், திரும்ப வளரும்போது கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

குளியலின் கடைசியில் மழிப்பதே நல்லது. இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீர் பட்டால் முடி ஊறி மென்மையாகும். பிளேடு இழுக்காமல் வெட்டும். முடி மிக நீளமாக இருந்தால் முதலில் கத்தரியால் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிளேடு அடைத்துக்கொள்ளும். பிறகு ஷேவிங் ஜெல்லைக் கால் முழுவதும் தடவ வேண்டும். உலர்ந்த தோலில் ரேஸர் வைக்கவே கூடாது. கொசுக்கடியைச் சொறிந்த புண்ணோ கொப்புளமோ இருந்தால், அது ஆறும்வரை அந்த இடத்தை விட்டுவிடலாம்.

கால் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளர்கிறது. முதன்முறை மழிப்பவர் அதே திசையில், முழங்காலிலிருந்து கணுக்காலை நோக்கி இழுப்பது பாதுகாப்பானது. எதிர்த்திசையில் இழுத்தால் இன்னும் வழுவழுப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் எரிச்சலும், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சிவந்த பருக்களாவதும் அப்போதுதான் அதிகம். ஒவ்வோர் இழுப்பும் குட்டையாக இருக்கட்டும். ஓரிரு இழுப்புக்கு ஒருமுறை பிளேடை நீரில் அலச வேண்டும். கையால் அழுத்தத் தேவையில்லை, ரேஸரின் எடையே போதும். அழுத்தினால்தான் வெட்டுகிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டும்.

வெட்டுக்காயம் பெரும்பாலும் எலும்பு மேடான இடங்களில்தான் படும்: முழங்கால், கணுக்கால் முட்டி, காலின் முன்னெலும்பு. முழங்காலைச் சற்று மடக்கினால் தோல் இழுபட்டுச் சமமாகும். அப்போது சிறு சிறு இழுப்புகளாக மழிக்கலாம். கணுக்காலுக்குப் பின்னால் பாதத்தை மேல்நோக்கி மடக்கினால், குதிகால் நரம்பு புடைத்து இருபுறமும் பள்ளம் விழும். பிளேடின் மூலை அங்கே குத்தும். பாதத்தை நீட்டி வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். ரேஸரைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தவே கூடாது. கத்திபோல அறுத்துவிடும்.

காயம் பட்டால் கழுவி, சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். மழித்து முடித்ததும் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, வாசனை சேராத ஈரப்பதக் களிம்பைத் தடவலாம். பருக்கள் சீழ் பிடித்தாலோ வலி கூடினாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ரேஸரை அலசி, ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஐந்து முதல் ஏழு முறை மழித்த பின் பிளேடை மாற்றிவிட வேண்டும். அம்மாவுடையதோ அக்காவுடையதோ ஆனாலும், இன்னொருவரின் ரேஸரைப் பயன்படுத்தக் கூடாது. இரத்தம் வழி பரவும் தொற்றுகள் அதன் மூலம் வரக்கூடும்.