அபூ குபைஸ் குன்றிலிருந்து ஒரு முறையீடு

மக்காவில் கஃபாவுக்குக் கிழக்கே, அதை ஒட்டினாற்போல நிற்கும் குன்றின் பெயர் அபூ குபைஸ். கி.பி. 590-ஐ ஒட்டிய ஒரு காலைப்பொழுதில் யமன் நாட்டு வியாபாரி ஒருவர் அதன் மீது ஏறி நின்று உரத்த குரலில் பாட ஆரம்பித்தார். கீழே குறைஷிப் பெரியவர்கள் கஃபாவைச் சுற்றித் தங்கள் தங்கள் வட்டங்களில் உட்கார்ந்திருந்த நேரம். அவருடைய சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் பணம் கொடுக்க மறுத்துவிட்டார். ஆஸ் ஸஹ்மு குலத்தின் பெரிய புள்ளி. யமன்காரர் ஊரில் சில குலத்தாரிடம் போய் நியாயம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஸஹ்மு குலத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள், ஆகவே அதட்டி அனுப்பிவிட்டார்கள்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வழக்கு போதும் என்பது என் எண்ணம். குலம், வணிகம், கவிதை மூன்றும் இதில் ஒன்றாக வந்து முட்டுகின்றன.

வியாபாரி ஏன் நீதிமன்றத்துக்குப் போகவில்லை? மக்காவில் அப்படி ஒன்று கிடையாது. அரசனும் இல்லை, காவலும் இல்லை, சிறையும் இல்லை. குறைஷி என்ற கோத்திரத்துக்குள் ஹாஷிம், உமய்யா, மக்ஸூம், ஸஹ்மு, தைம் என்று பல குலங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைவர் உண்டு என்றாலும் அவர் சொல் மதிப்பின் பலத்தில்தான் நின்றது, ஆணையின் பலத்தில் அல்ல. ஒருவனைக் கொன்றால் என்ன ஆகும் என்பதற்கு விடை அவனுடைய உறவினரிடம் இருந்தது. அவர்கள் கொலைகாரனையோ, அவன் குலத்தில் வேறு ஒருவனையோ பழிக்குப் பழி கொல்வார்கள். இல்லையென்றால் ஒட்டகங்களாக இரத்த ஈடு வாங்கிக்கொண்டு விடுவார்கள். இந்த அச்சம்தான் அங்கே காவல்துறை. ஓர் ஆளை அடிக்குமுன் அவன் பின்னால் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

வெளியூர்க்காரன் பின்னால் யாரும் வரமாட்டார்கள். அவனுக்கு ஒரு வழி இருந்தது: உள்ளூர்க் குலத்தான் ஒருவனிடம் அடைக்கலம் கேட்பது. ‘ஜிவார்’ என்ற இந்த அடைக்கலத்தைக் கொடுப்பவன் ஊரறிய அதை அறிவிப்பான். அதன்பின் அடைக்கலம் பெற்றவனைத் தொட்டால் கொடுத்தவன் குலத்தைத் தொட்டது போல. குலமே ஒருவனை இனி எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்டவனை யாரும் கொல்லலாம், கேட்க நாதி இல்லை.

இந்த ஏற்பாடு மேய்ச்சல் வாழ்க்கைக்குப் போதுமானது. வணிகத்துக்குப் போதாது. முன்பின் தெரியாதவனிடம் வாங்கி முன்பின் தெரியாதவனிடம் விற்பதுதானே வணிகம்? மக்காவோ விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம் என்று குறைஷியர் சாத்து கிளப்பியதைக் குர்ஆனே குறிப்பிடுகிறது. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும், அதாவது சிரியப் பக்கத்துக்கும், போனார்கள் என்பது மரபான விளக்கம். பட்டும் வாசனைத் திரவியமும் மலைமலையாகப் போயின என்று பழைய புத்தகங்களில் படித்திருப்போம். 1987-இல் பட்ரீஷியா குரோன் என்ற ஆய்வாளர் அந்தச் சித்திரத்தைக் கடுமையாக மறுத்தார். பெரும்பாலும் தோலும் துணியும் போன்ற சாதாரணச் சரக்குகள்தான் என்பது அவர் வாதம். அவருடைய எல்லா முடிவுகளையும் அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் தோல் வணிகம் அற்பமும் அல்ல. தண்ணீர்ப் பை முதல் சேணம் வரை எல்லாமே தோல்தான்.

வழியில் கொள்ளை போகாமல் இருக்கச் சாத்து கடக்கும் நிலத்துக் கோத்திரங்களோடு உடன்பாடு வேண்டும். நபிகளாரின் கொள்ளுத் தாத்தா ஹாஷிம் அந்த உடன்பாடுகளை ஏற்படுத்தியவர் என்று பெயர் பெற்றவர். இதற்கு மேல் துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகிய நான்கு மாதங்கள் போர் விலக்கப்பட்டவை. தாயிஃபுக்கு அருகே உக்காழ் சந்தை துல்கஃதாவில் கூடியது அதனால்தான். ஜென்மப் பகைவர்களும் அங்கே அக்கம்பக்கத்தில் கடை விரிக்கலாம்.

விலக்கை மீறியவர்களும் இருந்தார்கள். ஹீரா நாட்டு மன்னர் நுஃமான் உக்காழுக்கு அனுப்பிய சாத்துக்கு ஹவாஸின் கோத்திரத்து உர்வா பொறுப்பேற்றார். அந்தப் பொறுப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் பர்ராது என்பவன் விலக்கப்பட்ட மாதத்திலேயே அவரைக் கொன்றான். பர்ராது கினானா கோத்திரத்தால் கைகழுவப்பட்டவன். ஆனாலும் அவன் செய்ததற்காகக் கினானாவும் அதன் கிளையான குறைஷியும் ஹவாஸினோடு சில ஆண்டுகள் போரில் மாட்டிக்கொண்டன. ஃபிஜார் போர் என்று பெயர். நபிகளார் இளம் வயதில் தம் சிற்றப்பாமார்களுடன் அந்தக் களத்தில் இருந்திருக்கிறார்.

அந்தப் போர் ஓய்ந்த சூட்டோடுதான் யமன்காரர் குன்றில் ஏறினார். ஏன் பாட்டாகச் சொன்னார்? அழகுக்காக அல்ல. எழுத்து அரிதாக இருந்த நாட்டில் யாப்பில் அமைந்த சொல் அழியாது. ஒவ்வொரு கவிஞனுக்கும் அவன் பாட்டை மனனம் செய்து பரப்பும் ‘ராவி’ உண்டு. ஒரு குலத்தின் மேல் பாடப்பட்ட வசை ஒட்டகத்தின் மேல் ஏறி அடுத்த சந்தைக்குப் போய்விடும். அடைக்கலம் கொடுத்துக் கைவிட்டவர்கள், விருந்தாளியை ஏய்த்தவர்கள் என்று பெயர் வாங்கிய குலத்தை நம்பி யார் சரக்கு இறக்குவார்கள்? குலபலம் இல்லாதவன் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது.

குறி தப்பவில்லை. நபிகளாரின் பெரிய தந்தை ஸுபைர் முதலில் எழுந்தார். ஹாஷிம், முத்தலிப், அஸத், ஸுஹ்ரா, தைம் குலத்தார் செல்வர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி உறுதி எடுத்தார்கள்: மக்காவில் உள்ளூரானோ வெளியூரானோ யாருக்கு அநியாயம் நடந்தாலும், உரிமை திரும்பும்வரை பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்போம். பிறகு நேரே ஆஸிடம் போய்ச் சரக்கை மீட்டுக் கொடுத்தார்கள். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்பது இந்த உடன்படிக்கை. ஏறக்குறைய இருபது வயதில் நபிகளாரும் அங்கே இருந்தார்.

இந்தச் செய்திகள் நூல்களில் ஏறியது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் பிறகு. விவரங்களில் வேறுபாடு உண்டு. உடன்படிக்கையைப் பெரிதுபடுத்தவும் கூடாது: உமய்யா, மக்ஸூம் போன்ற வலிமையான குலங்கள் சேரவில்லை, பழைய முறை அப்படியே தொடர்ந்தது. நபித்துவம் வந்த பிறகு நபிகளாரின் உயிரைக் காத்ததும் அந்தப் பழைய முறைதான். அபூதாலிபின் ஆதரவு இருந்தவரை எதிரிகளால் அவரை நெருங்க முடியவில்லை. குறைஷியர் ஊர்விலக்கு செய்தபோது, மார்க்கத்தை ஏற்காத ஹாஷிம் குலத்தாரும் அபூலஹபைத் தவிர அவரோடு சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். அபூதாலிப் இறந்ததும் நிலைமை மாறியது. தாயிஃபிலிருந்து திரும்பியவர் சொந்த ஊருக்குள் நுழையவே, முஸ்லிமாகாத முத்இம் இப்னு அதீயின் அடைக்கலம் தேவைப்பட்டது.

அந்த உடன்படிக்கையை நபிகளார் பின்னாளிலும் மறக்கவில்லை. இஸ்லாத்திலும் அதன் பெயரால் அழைத்தால் வருவேன் என்று சொன்னதாக அறிவிப்பு இருக்கிறது. அவர் பேரர் ஹுஸைனுக்கும் மதீனா ஆளுநர் வலீதுக்கும் ஒரு சொத்துத் தகராறு வந்தது. உரிமை கிடைக்காவிட்டால் வாளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலில் நின்று ஹில்ஃபுல் ஃபுளூலின் பெயரால் அழைப்பேன் என்றார் ஹுஸைன். அப்படி அழைத்தால் நாங்களும் வருவோம் என்று அப்துல்லாஹ் இப்னு ஸுபைரும் வேறு சிலரும் சொன்னார்கள். செய்தி காதுக்கு எட்டியதும் வலீத் ஹுஸைனுக்கு உரியதைக் கொடுத்துவிட்டார்.