பின்னங்கால் நொண்டும் நாய்: முழங்காலைப் பாருங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பொமரேனியன் சட்டென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொள்கிறது. மூன்று காலில் சில எட்டு துள்ளிவிட்டு, காலை ஒருமுறை உதறி நீட்டுகிறது. மறுகணம் நன்றாக ஓடுகிறது. சிறிய இன நாய்களில் இது பெரும்பாலும் முழங்கால் சில்லு நழுவுவதன் அடையாளம். தொடை எலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டிய சில்லு, பள்ளம் ஆழமில்லாததாலோ கால் எலும்பு வளைந்திருப்பதாலோ உட்பக்கமாக விலகுகிறது.

மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கையால் தள்ளினால் மட்டும் நழுவித் தானே திரும்புவது முதல் நிலை. எப்போதும் வெளியிலேயே இருந்து, தள்ளினாலும் உள்ளே போகாதது நான்காம் நிலை. முதல் நிலைக்கு எடையைக் கட்டுப்படுத்திக் கவனித்து வந்தாலே பெரும்பாலும் போதும். அடிக்கடி நொண்டினாலோ நிலை முற்றினாலோ அறுவை சிகிச்சை செய்து பள்ளத்தை ஆழமாக்கி, சில்லை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

பெரிய நாய்களில் கதை வேறு. ஆறு வயது, 36 கிலோ லாப்ரடார் ஒன்று பந்தைத் துரத்திய பிறகு காலை ஊன்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் பந்தைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் பல மாதங்களாகவே நைந்து வந்திருக்கும். தூங்கி எழுந்ததும் கால் விறைப்பது, உட்காரும்போது ஒரு காலை வெளிப்பக்கம் நீட்டிக்கொள்வது, நிற்கும்போது விரல் நுனியை மட்டும் ஊன்றுவது ஆகியவை முன்பே தெரிந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. மூட்டு வீக்கமும் தேய்மானமும்தான் தெரியும். அதனால் மருத்துவர் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழெலும்பை முன்னே நகர்த்திப் பார்ப்பார். நாய் தசையை இறுக்கிக்கொண்டால் மயக்க மருந்து தேவைப்படும்.

நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. தசைநார் அறுந்துவிட்டால் ஒவ்வொரு எட்டிலும் மூட்டு வழுக்கும். 36 கிலோ நாய்க்கு எலும்பை வெட்டித் திருப்பி, சரிவைக் குறைத்து, தகடும் திருகும் பொருத்தும் டி.பி.எல்.ஓ. அறுவையை மருத்துவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். மூட்டுக்கு வெளியே உறுதியான செயற்கை இழை கட்டுவது செலவு குறைந்த வழி. ஆனால் கனமான நாயில் இழை தளர்ந்துபோகலாம். சுமார் 15 கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு இழையோ, சில வாரக் கட்டாய ஓய்வோ கைகொடுக்கக்கூடும். எலும்பை வெட்டிய நாயை 8 முதல் 12 வாரம் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். துள்ள விட்டால் திருகு தளரும்.

சில்லு நழுவும் நாய்க்கும் இந்தத் தசைநார் அறுவதுண்டு. எப்போதாவது துள்ளிய நாய் திடீரெனக் காலையே ஊன்றாவிட்டால் உடனே காட்டுங்கள். மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனைப் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும். ஆகவே வீட்டில் அது நடப்பதையும் உட்காருவதையும் செல்போனில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.