அடுத்த ஐந்து பைசா: மார்க்கெட் டெப்த்தைப் படிப்பது எப்படி?

ஒரு பங்கை வாங்கக் காத்திருக்கும் ஆர்டர்களின் அளவும் விற்கக் காத்திருக்கும் ஆர்டர்களின் அளவும் எந்த நொடியிலும் சமமாக இருப்பதில்லை. இந்தச் சமனின்மையை ஓர் எண்ணாக்கி, விலை அடுத்து எந்தப் பக்கம் நகரக்கூடும் என்று கணிப்பது குறுகிய கால வர்த்தகர்களின் பழைய வழக்கம். இதற்குத் தேவையான தகவல் ‘லெவல் 2’ எனப்படுகிறது. தேசிய பங்குச் சந்தையில் (என்.எஸ்.இ.) வாங்குவோர் பக்கத்தில் சிறந்த ஐந்து விலைகளையும் விற்போர் பக்கத்தில் சிறந்த ஐந்து விலைகளையும் ஒவ்வொன்றிலும் நிற்கும் பங்குகளோடு அது தருகிறது. புரோக்கர் செயலிகளில் ‘மார்க்கெட் டெப்த்’ என்று காணப்படுவது இதுதான்.

கற்பனையான ஒரு பங்கின் டெப்த் இப்படி இருப்பதாகக் கொள்வோம். இதன் விலை 5 பைசாப் படிகளில் ஏறி இறங்குகிறது.

| வாங்கும் விலை (ரூ.) | பங்குகள் | விற்கும் விலை (ரூ.) | பங்குகள் |
|---|---|---|---|
| 412.10 | 1,800 | 412.15 | 600 |
| 412.05 | 1,200 | 412.20 | 800 |
| 412.00 | 3,000 | 412.25 | 500 |
| 411.95 | 900 | 412.30 | 700 |
| 411.90 | 1,100 | 412.35 | 1,400 |

சமனின்மையைக் கணக்கிடுவது எளிது. வாங்கும் அளவிலிருந்து விற்கும் அளவைக் கழித்து, வரும் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முதல் வரிசையை மட்டும் எடுத்தால் 1,200 ÷ 2,400, அதாவது +0.5. ஐந்து வரிசைகளையும் சேர்த்தால் வாங்க 8,000, விற்க 4,000; விடை +0.33. எண் +1-ஐ நெருங்கினால் வாங்குவோர் கை ஓங்கியிருக்கிறது, −1-ஐ நெருங்கினால் விற்போர் கை. பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இந்த எண் ஏன் வேலை செய்கிறது என்பதையும் அட்டவணையிலேயே பார்க்கலாம். யாராவது 600 பங்குகளை உடனே வாங்கினால் 412.15-இல் நிற்கும் சரக்கு தீர்ந்துவிடும். சிறந்த விற்பனை விலை 412.20-க்கு ஏறும். கீழே ஒரு படி இறங்க வேண்டுமானால் 1,800 பங்குகளை யாராவது விற்றாக வேண்டும். மேல் பக்கச் சுவர் மெல்லியது, கீழ்ப் பக்கச் சுவர் தடித்தது. மார்ட்டின் கூல்ட், ஜூலியஸ் போனார்ட் இருவரும் நாஸ்டாக் சந்தையின் 10 பங்குகளை வைத்துச் செய்த ஆய்வு, முதல் வரிசைச் சமனின்மைக்கும் விலையின் அடுத்த நகர்வுக்கும் தெளிவான தொடர்பு இருப்பதைக் காட்டியது. விலையோடு ஒப்பிடும்போது படி பெரிதாக உள்ள பங்குகளில் தொடர்பு வலுவாக இருந்தது. அப்படிப்பட்ட பங்குகளில் ஒவ்வொரு விலையிலும் நீண்ட வரிசை நிற்பதால், வரிசையின் நீளத்துக்குப் பொருள் இருக்கிறது.

முதல் வரிசையைத் தாண்டிப் போகப் போக நம்பகத்தன்மை குறைகிறது. அட்டவணையில் 412.00 என்ற முழு எண்ணில் 3,000 பங்குகள் நிற்பதைக் கவனிக்கலாம். முழு ரூபாயில் ஆர்டர் போடுவது பலரின் பழக்கம்; அந்தக் குவியலை உடனடி ஆர்வமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தொலைவிலுள்ள வரிசைகளுக்குக் குறைந்த எடை தருவார்கள். டெப்த்தின் அடியில் காணும் மொத்த வாங்கும் அளவும் மொத்த விற்கும் அளவும் இன்னும் பலவீனமான சான்றுகள். இன்றைய விலைக்கு வெகு தொலைவில், நிறைவேற வாய்ப்பே இல்லாத ஆர்டர்களும் அதில் சேர்ந்திருக்கும்.

ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதைவிட, அது எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பது அதிகம் சொல்லும். 412.10-இல் நின்ற 1,800 பங்குகள் திடீரென 400 ஆகிவிட்டன என்று வைப்போம். முதல் வரிசை எண் +0.5-இலிருந்து −0.2-க்குத் திரும்பிவிடும். இங்கே கேட்க வேண்டியது, அந்த 1,400 பங்குகள் எங்கே போயின என்பது. அதே நேரத்தில் மொத்த வால்யூமும் 1,400 கூடியிருந்தால் யாரோ விற்றுத் தள்ளியிருக்கிறார்கள். அது உண்மையான விற்பனை அழுத்தம். வால்யூம் அசையவே இல்லை என்றால், ஆர்டர் போட்டவர் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறார். முன்பு தெரிந்த +0.5 அவரை நம்பியே நின்றிருந்தது.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. 412.15-இல் வியாபாரம் 2,500 பங்குகளைத் தாண்டிய பிறகும் அங்கே 600 பங்குகள் அப்படியே தெரிகின்றன என்றால், ஒரு பெரிய விற்பனையாளர் மறைந்து நிற்கக்கூடும். என்.எஸ்.இ. பங்குப் பிரிவில், ஆர்டரின் ஒரு பகுதியை மட்டும் திரையில் காட்டி மீதியை மறைத்துவைக்க அனுமதி உண்டு. குறைந்தது 10 சதவீதத்தைக் காட்டினால் போதும். மெல்லியதாகத் தெரிந்த சுவருக்குப் பின்னால் தடித்த சுவர் இருக்கும்போது, +0.5 என்ற எண் தவறான திசையைக் காட்டும்.

வேண்டுமென்றே போலிச் சுவர் எழுப்புவதும் நடந்திருக்கிறது. லண்டனில் பெற்றோர் வீட்டிலிருந்து வர்த்தகம் செய்த நவீந்தர் சிங் சராவோ, சிகாகோவில் வர்த்தகமாகும் இ-மினி எஸ் அண்ட் பி 500 ஃபியூச்சர்ஸில் பெரும் விற்பனை ஆர்டர்களைச் சந்தை விலைக்குச் சில படிகள் மேலே அடுக்கினார். விலை நகர நகர அவரது மென்பொருள் அவற்றையும் நகர்த்தியது. அவை நிறைவேற அவர் விரும்பவில்லை. விற்பனை அழுத்தம் இருப்பதாக மற்றவர்கள் நம்பினால் அவருக்குப் போதும். 2016-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2020-இல் ஓராண்டு வீட்டுக்காவல் தண்டனை பெற்றார். இத்தகைய ஆர்டர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: விலை அருகே வந்ததும் விலகும், ஒருபோதும் வியாபாரமாகாது.

சமனின்மை சரியாகப் படிக்கப்பட்டாலும், அதன் ஆயுள் பெரும்பாலும் சில நொடிகள்தான். சாதாரணச் செயலிகளுக்கு ஒவ்வொரு மாற்றமும் வருவதில்லை. அவ்வப்போது எடுத்த படமே வருகிறது. சந்தையின் வளாகத்திலேயே சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதற்குள் முந்திக்கொள்ளும்.

செலவுக் கணக்கு அதைவிடக் கறாரானது. மேலே கண்ட பங்கில் +0.5 என்ற குறியை நம்பி 412.15-இல் வாங்கி, விலை ஒரு படி ஏறி வாங்கும் வரிசை 412.15-க்கு வந்ததும் விற்றால் லாபம் பூஜ்ஜியம். இரண்டு படி ஏறினால் 5 பைசா. அன்றே வாங்கி விற்கும் வர்த்தகத்தில் விற்பனைத் தொகையின் மீது 0.025 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. 412 ரூபாய்க்கு அது சுமார் 10 பைசா. புரோக்கர் கட்டணமும் முத்திரை வரியும் தனி.

ஆகவே இந்தக் குறி தனியாகப் பணம் பண்ணும் கருவியாவது அரிது. வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்தவருக்கு, எந்த விலையில் ஆர்டர் போடுவது என்பதில் அது கைகொடுக்கும். எண் +0.5 ஆகவும், வால்யூம் அதை ஆதரிப்பதாகவும் இருந்தால், 412.10 வரிசையின் கடைசியில் 1,800 பங்குகளுக்குப் பின்னால் காத்திருப்பதைவிட 412.15-ஐக் கொடுத்து முடித்துவிடலாம். எண் −0.5 ஆக இருந்தால் அவசரமில்லை, 412.10-இல் ஆர்டரை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பெரிய தொகைக்கு வாங்கும் நிறுவனங்களின் மென்பொருள்கள், ஆர்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பும்போது இந்த எண்ணைப் பயன்படுத்துவதும் பெரிதும் இதே முறையில்தான்.