வேண்டாதவர்களுக்காக எழுதப்படும் சுயவிவரம்

டேட்டிங் செயலிகளில் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போனால் சில வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ‘நோ டிராமா.’ ‘சும்மா ஹாய் சொல்ல மெசேஜ் பண்ணாதீங்க.’ ‘டைம்பாஸ் ஆசாமிகள் தள்ளிப் போகவும்.’ எழுதியவர் யார், எதற்குச் சிரிப்பார், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார் என்று ஒரு வார்த்தை இருக்காது. முன்பு வந்துபோன யாரோ ஒருவர் மீதான கோபம் மட்டும் இருக்கும்.

கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது போய்ச் சேரும் முகவரி தப்பு. படத்தை மட்டும் பார்த்துத் தள்ளுகிறவர் இந்த வரியைப் படிக்கப்போவதே இல்லை. கேட்டில் தொங்கும் ‘நோ பார்க்கிங்’ பலகைக்கு நேர் கீழேயே வண்டியை நிறுத்துகிற ரகம் அவர். நிதானமாகப் படிக்கிறவர்தான், செய்யாத தவறுக்கு முன்கூட்டியே திட்டு வாங்கியதுபோல் ஒதுங்கிவிடுகிறார்.

இடமும் தாராளமாக இல்லை. டிண்டரில் 500 எழுத்து, பம்பிளில் 300. ஹிஞ்சில் மூன்று கேள்விகளுக்குத் தலா 150. அதோடு, ஹிஞ்சில் ஒருவர் விருப்பம் தெரிவிப்பதே உங்கள் படங்களிலோ பதில்களிலோ ஏதாவது ஒன்றைத் தொட்டுத்தான். ‘டிராமா வேண்டாம்’ என்ற வரியைத் தொட்டு அவர் என்னதான் பேசுவார்?

கோவையில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண் ஒருவர் மேலே சொன்ன மூன்று வரிகளையும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘நோ டிராமா’வை மாற்றுவதற்கு முன், எந்த டிராமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பழகியவர் சண்டை வந்தால் இரண்டு நாள் போனை எடுக்க மாட்டார்; அதுதான் வலி. அப்படியானால் அவருக்கு வேண்டியது, மனத்தாங்கலை அன்றைக்கே பேசிவிடும் ஆள்.

இங்கே பலர் முதலில் எழுதுவது, ‘முதிர்ச்சியான, நேர்மையான துணையைத் தேடுகிறேன்’ என்று. ‘வேண்டாம்’ போய்விட்டது; வரியில் உயிரும் போய்விட்டது. தனக்கு முதிர்ச்சி இல்லை என்று ஒப்புக்கொள்கிறவர் யார்? குணத்தின் பெயரைச் சொல்லாமல் அந்தக் குணம் உள்ளவர் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னால் வரி நிமிர்கிறது: ‘கோபம் வந்தால் அன்றைக்கே ஒரு டீ குடித்துக்கொண்டே பேசித் தீர்த்துவிடுவேன். நீங்களும் அப்படியென்றால் நமக்கு ஒத்துப்போகும்.’ ஒரே நிபந்தனை, அது அவரைப் பற்றிய உண்மையாக இருக்க வேண்டும்.

‘ஹாய் மட்டும் சொல்லாதீங்க’ என்பதன் உள்ளே இருப்பது, பேச்சை எதிராளி சுவாரசியமாகத் தொடங்க வேண்டும் என்ற ஆசை. அதற்கு அவர் கையில் ஏதாவது கொடுக்க வேண்டாமா? ‘மருதமலைக்குப் படியேறித்தான் போவேன், பஸ்ஸில் போகிறவர்களோடு சண்டைக்குத் தயார். நீங்கள் எந்தக் கட்சி?’ இதைப் படித்த பிறகும் வெறும் ‘ஹாய்’ அனுப்புகிறவரை அடையாளம் காண்பது சுலபம். பம்பிளும் 2024-ல், பெண்கள் ஒரு கேள்வியை முன்கூட்டியே போட்டு வைத்து, ஆண்கள் அதற்குப் பதில் சொல்லிப் பேச்சைத் தொடங்கும் வசதியைக் கொண்டுவந்தது.

டைம்பாஸ் வரிக்கு மாற்று எளிது. ‘கல்யாணம் என்ற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன். அவசரமில்லை, முதலில் ஒரு காபி.’

இந்த வேலையில் ஒரு பொறி உண்டு. ‘பொய் சொல்லாத மனிதர் இன்னும் யாராவது மிச்சம் இருந்தால் பேசலாம்’ என்ற வரியில் ‘வேண்டாம்’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது. சொல்லை மட்டும் மாற்றியவர்களின் சுயவிவரம் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. அறிமுகமில்லாத ஒருவர் முகத்துக்கு நேராக இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லா மறுப்பையும் இனிப்பாக்கிவிடக் கூடாது. குழந்தை பெற்றுக்கொள்வதில்லை என்று முடிவெடுத்த ஒருவர் அதை ‘பயணங்கள் நிறைந்த வாழ்க்கை’ என்று பூசி மெழுகினால், ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் துன்பம். அதை நேராகவே சொல்லலாம்: ‘குழந்தை வேண்டாம் என்பது யோசித்து எடுத்த முடிவு.’ யாரையும் குத்தாத மறுப்பு இது. புகை, மது, குழந்தை, எந்த மாதிரி உறவு என்பதற்கெல்லாம் பல செயலிகளில் தனிக் கட்டங்களே இருக்கின்றன. அவற்றை நிரப்பிவிட்டால் எழுதும் இடம் மிச்சமாகும். வயது, தூரம் போன்றவற்றை அமைப்பிலேயே வடிகட்டிக்கொள்ளலாம்; வேறு சில வடிகட்டிகளுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அருவருப்பான செய்திகள் இதனால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மருந்து புகார் பொத்தானும் பிளாக்கும்தான். குறைவது வேறொன்று: ‘ஹாய்’, ‘சாப்டாச்சா’ வகைத் தொடக்கங்கள். வருகிற முதல் செய்திகளில் மருதமலையோ டீயோ தலைகாட்டுகிறதா என்று அந்தப் பெண் பார்த்தால் போதும். எதுவும் தலைகாட்டாவிட்டால், அவர் போட்ட கேள்வி பதில் சொல்லக் கடினமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.