ஆறும் வெந்நீர் சொல்லும் கணக்கு

மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம். உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு மின்சார ஹீட்டரும். ஸ்விட்சைப் போட்டால் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். அந்தப் பாத்திரத்தைப் பற்றி இரண்டே இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்.

முதல் எண், வெப்ப ஏற்புத்திறன். தண்ணீரும் பாத்திரமும் சேர்ந்து ஒரு டிகிரி சூடேற எத்தனை ஜூல் வேண்டும் என்பதுதான் அது. ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 4,186 ஜூல் ஆகும். அரைக் கிலோ எடையுள்ள பாத்திரத்துக்கு ஏறக்குறைய 250 ஜூல்தான். ஆக மொத்தம் சுமார் 8,600. இதை C என்போம்.

இரண்டாவது எண், இழப்புத் தடை. சூடான பாத்திரம் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு வாட் அளவுக்கு வெப்பம் வெளியேற, அறையைவிடப் பாத்திரம் எத்தனை டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே R.

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் அகலம் C, நீர்மட்டம் வெப்பநிலை, ஓட்டையின் இறுக்கம் R. மட்டம் ஏற ஏற ஒழுக்கும் கூடும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகும்போது மட்டம் அப்படியே நின்றுவிடும். பாத்திரத்துக்கு இதையே சமன்பாடாக எழுதலாம்:

C · dT/dt = Q − T/R

Q ஹீட்டர் தரும் வாட். T என்பது அறை வெப்பநிலைக்கு மேல் ஏறிய டிகிரி மட்டும். தெர்மாமீட்டர் காட்டும் முழு அளவு அல்ல. இங்கேதான் பலரும் தவறுவார்கள். இந்தச் சமன்பாட்டை லாப்லாஸ் முறையில் மாற்றினால், உள்ளே போகும் வாட்டுக்கும் வெளியே தெரியும் டிகிரிக்கும் உள்ள உறவு ஒரே வரியில் வந்துவிடும். பொறியாளர்கள் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று சொல்வது இதைத்தான்:

T(s)/Q(s) = R / (RCs + 1)

கீழே s ஒரே ஒரு படியில் வருவதால் இது முதல் வரிசை அமைப்பு. மேலே உள்ள R, கடைசியில் சூடு எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்கிறது. கீழே உள்ள RC, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதைச் சொல்கிறது. அதற்கு நேர மாறிலி என்று பெயர். அவ்வளவு நேரத்தில், ஏற வேண்டிய சூட்டில் 63 சதவீதம் ஏறியிருக்கும்.

C-யை எடை போட்டே கணக்கிட்டுவிட்டோம். R அப்படிக் கிடைக்காது. மூடி, காற்றோட்டம், அடியில் இருக்கும் பலகை எல்லாம் அதை மாற்றும். அதனால் பாத்திரத்தை ஆறவிட்டு அளக்க வேண்டும். அறை 30 டிகிரி, தண்ணீர் 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் சூடு 50. அது பாதியாக, அதாவது தண்ணீர் 55 டிகிரிக்கு வர, 90 நிமிடம் ஆனது என்போம். அந்த 5,400 விநாடியை 0.693-ஆல் வகுத்தால் நேர மாறிலி சுமார் 7,800 விநாடி. அதை 8,600-ஆல் வகுத்தால் R சுமார் 0.9.

இப்போது 50 வாட் ஹீட்டரைப் போடுங்கள். 50 × 0.9 = 45 டிகிரி ஏறி, தண்ணீர் 75 டிகிரியில் நிற்கும். ஆனால் 130 நிமிடம் கழித்தும் 58 டிகிரிதான் இருக்கும். 75-ஐ நெருங்க எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். 1,000 வாட் ஹீட்டர் என்றால் கதையே வேறு. 100 டிகிரியைத் தொட, இழப்பே இல்லையென்றால் 602 விநாடி. இழப்பைச் சேர்த்தாலும் சுமார் 626 விநாடிதான். வேகமாகக் கொதிக்கவைக்கும்போது R பெரிதாகத் தெரியாது. சூட்டைத் தக்கவைக்கும்போது எல்லாமே R-தான்.

அதே சூத்திரத்தை 1,000 வாட்டுக்குக் கடைசிவரை நம்பினால் 900 டிகிரிக்கு மேல் காட்டும். நடப்பது அதுவல்ல. கொதிநிலையில் வெப்பமெல்லாம் நீராவியாக்கவே செலவாகும், சூடு ஏறாது. சமன்பாட்டின் எல்லை அங்கே முடிகிறது.

அதற்கு முன்பே ஒரு சிக்கல் வரலாம். மூடியைத் திறந்து வைத்தால், சூடு அதிகமாக இருக்கும்போது ஆவியாதல் மளமளவென்று கூடும். அப்போது R ஒரே எண்ணாக இருக்காது. இதைக் கண்டுபிடிக்க, ஆறுவதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். 80-லிருந்து 55-க்கு வர 90 நிமிடம் ஆனால், 55-லிருந்து 42.5-க்கு வரவும் அதே 90 நிமிடம் ஆக வேண்டும். முதல் பாதி சீக்கிரமாகவும் இரண்டாவது பாதி மெதுவாகவும் முடிந்தால், ஒரே R போதாது.

ஹீட்டரைப் போட்டதும் முள் சிறிது நேரம் அசையாமல் இருந்து பிறகு ஏறினால், அது வேறு கோளாறு. ஹீட்டர் தானே சூடேற நேரம் எடுத்திருக்கும், அல்லது மேலும் கீழும் தண்ணீர் கலக்காமல் இருந்திருக்கும். பாத்திரம் முழுவதும் ஒரே சூட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சமன்பாடே நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரைப் பார்க்கும் முன் தண்ணீரை ஒருமுறை கிளறிவிடுங்கள்.